‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்றால், கேட்பது யார்?

அண்ணன் மகள் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். கிள்ளானில் அவர்கள் குடும்பமாகப் போகும் கோயிலில், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன் எட்டு நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு, போன் மோசடி. “சித்தப்பா, எழுதிட்டேன். ஒரு தடவை பாத்துக் குடுங்க” என்று இரண்டு பக்கம் அனுப்பினாள். விளம்பரத்துக்கும் விழா மேடைக்கும் எழுதிக் கொடுப்பதே பல வருடமாக என் பிழைப்பு என்பதால், வீட்டில் யார் மைக் பிடித்தாலும் தாள் என்னிடம் வந்துவிடும்.

எட்டு நிமிடப் பேச்சுக்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கோயில் மகளிர் குழுவில் ஒரு அம்மா சில மாதங்களுக்கு முன் தன் ஊழியர் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை இப்படி ஒரு போன் அழைப்பில் இழந்திருந்தார். பிள்ளைகளுக்குத் தெரியாது. என் அண்ணிக்கு மட்டும் தெரியும். பேச ஏற்பாடு செய்ததே அண்ணிதான். அந்த அம்மாவும் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்.

தாளின் முதல் பத்தி இப்படி இருந்தது:

“அமலாக்க அதிகாரிகள் எனத் தங்களைப் பொய்யாக அடையாளப்படுத்திக்கொண்டு தொலைபேசி வாயிலாகத் தொடர்புகொள்ளும் மோசடிக் கும்பல்களால் மேற்கொள்ளப்படும் குற்றச் செயல்களினால் பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கை அண்மைக் காலமாக அதிகரித்து வருவது மிகவும் கவலைக்குரியதாகும். பேராசையினாலும் அறியாமையினாலும் பலர் இவ்வலையில் சிக்கிக்கொள்கின்றனர். எனவே, தங்களின் தனிப்பட்ட வங்கித் தகவல்களை மூன்றாம் தரப்பினருடன் பகிர்ந்துகொள்வது தவிர்க்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

தமிழில் பிழை ஒன்றும் இல்லை. பள்ளிக் கட்டுரையென்றால் நல்ல மதிப்பெண் விழும். ஆனால் போனிலேயே அவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். “மேற்கொள்ளப்படும்” வரும்போது மூச்சு வாங்கினாள். “இவ்வலையில்” என்ற இடத்தில் ‘இவ் அலையில்’ என்று கேட்டது. கடல் அலையில் யார் சிக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாக்கியத்தில் 22 சொற்கள். எது அதிகரித்தது என்று சொல்லும் ‘எண்ணிக்கை’ பதினாறாவது சொல்லாக வருகிறது. அதுவரை கேட்பவர் அதிகாரி, பொய், தொலைபேசி, கும்பல், குற்றம் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். தமிழின் அமைப்பு அப்படி. அடைமொழியெல்லாம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும், வினை கடைசியில் வரும். தாளில் இது தொல்லை இல்லை. கண் தடுமாறினால் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. பசியோடு உட்கார்ந்திருக்கும் காதுக்குச் சுத்தமாகக் கிடையாது.

ஆகவே முதல் வேலை, ‘கின்றது’ என்பதை ‘குது’ என்று மாற்றுவதல்ல. பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள். அதே 22 சொல்லை வைத்துக்கொண்டு முடிவை மட்டும் ‘கவலையா இருக்குது’ என்று மாற்றினால், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காலில் ஜப்பான் சிலிப்பர் மாட்டியது மாதிரி இருக்கும். வாக்கியத்தை முதலில் உடைக்க வேண்டும். யார் என்பது முன்னால் வரட்டும். அவர் செய்வது ஒவ்வொன்றாகப் பின்னால் வரட்டும். நடக்கும் வரிசைதான் சொல்லும் வரிசை. போன் அடிக்கிறது, எடுக்கிறோம், ஒருவர் பேசுகிறார், ஒன்று சொல்கிறார், இன்னொன்று கேட்கிறார்.

இரண்டாவது, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’. யார் கேட்கிறார்கள்? வங்கியா, கோயிலா, அவளா? அறிவிப்புப் பலகையில் இந்தப் ‘படுகிறது’ செல்லுபடியாகும், ஏனென்றால் அடியில் ஒரு முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். மேடையில் முத்திரை கிடையாது. நிற்கிற ஆள்தான் முத்திரை. அந்த ஆளே வாக்கியத்தில் இல்லை என்றால் அதிகாரம் எங்கிருந்து வரும்?

இதைச் சொன்னதும் அவள் புரிந்துகொண்டாள், அல்லது புரிந்துகொண்டதாக நினைத்தாள். மறுநாள் புதுத் தாள் வந்தது.

“ஹலோ, எல்லாரும் சாப்டாச்சா? ஓ, இன்னும் இல்லல்ல! ஓகே, இப்ப வந்து இந்த ஸ்கேம் பண்றவனுங்க இருக்கானுங்க பாத்தீங்களா, செம்ம கில்லாடிங்க. என்ன சொல்ல வர்றேன்னா, அவனுங்க போலீஸ் மாதிரி போன் பண்றாங்களாம். காசு எல்லாம் கேக்குறாங்களாம். சோ, நாம கொஞ்சம் பாத்து இருந்துக்கணும், சரியா?”

இறுக்கம் போய்விட்டது. கூடவே அவளும் போய்விட்டாள். இதைப் பேசுபவர் வங்கி அதிகாரியாகவும் இருக்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவராகவும் இருக்கலாம்.

எங்கே கரைந்தது என்று இருவரும் உட்கார்ந்து தேடினோம். அதிகம் கரைத்தது ஒரே ஒரு சின்ன ஒட்டு: ‘ஆம்’. “போன் பண்றாங்களாம்”, “கேக்குறாங்களாம்”. தமிழில் ‘ஆம்’ ஒட்டினால், நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையது இல்லை என்று பொருள். ஊர்க்கதைக்கு அது அழகு. ஆறு வருடமாக கவுண்டரில் உட்கார்ந்து, இப்படிப் பணம் அனுப்ப வந்தவர்களை நேரில் பார்த்தவள் வாயில் அது வரக்கூடாது. அவள் “கேக்குறாங்க” என்று சொல்ல முடியும். “போன மாசம் என் கவுண்டர்ல ஒருத்தர் போனைக் காதுல வச்சுக்கிட்டே வந்து நின்னாரு” என்றே சொல்ல முடியும். ‘ஆம்’ஐ எடுத்துவிட்டு ‘பார்த்தேன்’ஐ வைத்ததும் பாதி அதிகாரம் திரும்பி வந்தது. அதற்கு ஒரு செந்தமிழ்ச் சொல்லும் தேவைப்படவில்லை.

அடுத்தது, ‘இப்ப வந்து’, ‘என்ன சொல்ல வர்றேன்னா’, ‘சோ’. பேசும்போது இவை தானாக வரும், வந்தால் குற்றமில்லை. ஆனால் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் படிப்பது வேடிக்கை. இயல்பாகத் தெரிய வேண்டும் என்று இருமலை எழுதி வைத்துக்கொண்டு இருமுவது மாதிரி.

‘பண்றவனுங்க’, ‘செம்ம கில்லாடிங்க’ என்பது வேறு வகைக் கோளாறு. ஏமாற்றுபவனை அவன் இவன் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் மூத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அந்தப் பேச்சு பேசுபவளையும் சேர்த்துக் கீழே இறக்கும். ‘கில்லாடி’ அதைவிட மோசம். கதையில் நாயகன் அவன்தான் என்று ஆகிவிடுகிறது.

பேச்சுத்தமிழ் என்றால் எந்தப் பேச்சு என்ற கேள்வி இங்கே வருகிறது. எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. மொழியியலார் இதை இரட்டை வழக்கு என்பார்கள். ஆனால் பேச்சு வடிவத்துக்குள்ளேயே படிகள் உண்டு. நண்பனிடம் பேசுவது, வீட்டில் பேசுவது, தெரியாத பெரியவரிடம் மரியாதையாகப் பேசுவது. இந்த மூன்றாவதுதான் மேடைக்கு உரியது. எந்த ஊர்க்காரர் கேட்டாலும் உறுத்தாத, மரியாதை விகுதி விடாத, வசை கலக்காத பேச்சு. சிங்கப்பூரில் பள்ளிகளில் தரமான பேச்சுத் தமிழ் என்று பெயர் வைத்தே இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் பெயர் வைக்கவில்லை என்றாலும் கவுண்டரில் ஒரு பெரியவர் வந்து நின்றால் அவளுக்கு அது தானாக வருகிறது. “அப்படி ஒருத்தர் உன் முன்னால நிக்கிறாருன்னு நெனச்சுக்கிட்டு எழுது” என்றேன். மூன்றாவது தாள் அங்கிருந்துதான் பிறந்தது.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்தப் போன் மோசடியைப் பற்றிப் பேசும்போது இறுகிய நடைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நம் நாட்டில் மக்காவ் ஸ்கேம் என்று சொல்லும் இந்த வகையில், போன் செய்கிறவர் போலீஸ், நீதிமன்றம், வருமான வரி அலுவலகம், கூரியர் நிறுவனம் என்று ஏதாவது ஒரு பெயரில் வருவார். கேஸ் நம்பர் சொல்வார், அதிகாரி நம்பர் சொல்வார், கைது வாரண்ட் என்பார், பணத்தைப் ‘பாதுகாப்பான’ கணக்குக்கு மாற்றச் சொல்வார். அவர் பேசுவது முழுக்க அலுவலக மொழி. நம் ஆட்கள் பயப்படுவதே அந்த மொழிக்குத்தான். எச்சரிக்க வந்தவளும் அதே மொழியில் பேசினால், இரண்டு குரலும் ஒன்றுபோலக் கேட்கும். அவள் குரல் வேறாக இருக்க வேண்டியது அழகுக்காக இல்லை.

மூன்றாவது தாளின் தொடக்கம்:

“வணக்கம். நான் பேங்க்ல வேலை செய்றேன், ஆறு வருஷமா. இன்னிக்கு ஒரே ஒரு போன் காலைப் பத்தித்தான் சொல்லப் போறேன். உங்களுக்கு ஒரு போன் வரும். ‘போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசுறோம், உங்க பேர்ல ஒரு கேஸ் இருக்கு’ன்னு சொல்லுவாங்க. உங்க பேர் தெரிஞ்சிருக்கும். ஐ.சி. நம்பர்கூடத் தெரிஞ்சிருக்கலாம். ‘போனை வைக்காதீங்க, வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னு சொல்லுவாங்க. இந்த ரெண்டும் வந்தா, அது போலீஸ் இல்ல.”

இங்கே ‘ன்னு சொல்லுவாங்க’ செய்யும் வேலையைக் கவனியுங்கள். பழைய தாளில் “பொய்யாக அடையாளப்படுத்திக்கொண்டு” என்று நான்கு அசைக்கு மேல் நீண்ட ஒரு விளக்கம் இருந்தது. இப்போது விளக்கம் இல்லை, அந்தக் குரலே இருக்கிறது. நாளைக்கு அதே வார்த்தைகள் போனில் வரும்போது, ‘இதை எங்கேயோ கேட்டோமே’ என்று தோன்ற வேண்டும். ‘அடையாளப்படுத்திக்கொண்டு’ என்ற சொல்லை எந்த மோசடிக்காரரும் போனில் சொல்லப் போவதில்லை.

பிறகு ‘நாம’வுக்கு வந்தோம். தமிழில் நமக்கு ஒரு வசதி, ஆங்கிலத்துக்கும் மலாய் தெரியாதவர்களுக்கும் இது கொஞ்சம் புதுமையாக இருக்கும்: கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம’, சேர்க்காமல் சொன்னால் ‘நாங்க’. மலாய் தெரிந்தவர்கள் கித்தா, காமி என்று நினைத்துக்கொள்ளலாம். அவள் தாளில் இரண்டும் கலந்து கிடந்தன. “நாம ஓடிபி கேக்க மாட்டோம்” என்று ஒரு வரி. அந்த ‘நாம’வில் மண்டபத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வங்கி ஊழியர்கள் ஆகிவிட்டார்கள். வங்கி செய்வது, செய்யாதது எல்லாம் ‘நாங்க’ என்று பிரித்தோம். செய்ய வேண்டியது ‘நீங்க’. பயப்படுவது மட்டும் ‘நாம’: “போலீஸ்னு சொன்னதும் நாம பயந்துடுவோம். நானும் பயப்படுவேன்.”

இந்த ஒரு ‘நாம’வுக்காகத்தான் “பேராசையினாலும் அறியாமையினாலும்” என்ற வரி வெளியே போனது. நான் சொல்லாமலேயே அவள் அதை அடித்திருந்தாள். “இந்த மாதிரி போன்ல பேராசை எங்க சித்தப்பா இருக்கு? ஜெயிலுக்குப் போயிடுவோம்னு பயந்துதானே காசை மாத்துறாங்க” என்றாள். இல்லாத முதலீட்டில் பணம் போட்டவர்களைப் பற்றி என்றால் வேறு கதை. எல்லா மோசடிக்கும் ஒரே காரணத்தைப் பொதுவாக எழுதிவைப்பது அறிக்கை நடையின் பழக்கம். அதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள், வாய் வராது. சொல்லியிருந்தால் அவர் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கே வந்திருக்க மாட்டார்.

சொற்களில் நாங்கள் அதிகம் கை வைக்கவில்லை. ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ ஓடிபி ஆனது. சிலருக்கு டேக் நம்பர் என்றால்தான் தெரியும் என்பதால் ஒரு தடவை “ஓடிபி, டேக் நம்பர்னும் சொல்லுவோம்” என்று சேர்த்தோம். ‘ரிங்கிட் மலேசியா’ வெள்ளி ஆனது. தூய தமிழ் வாசகர்கள் கோபிக்க வேண்டாம். எழுதும்போது நானும் கடவுச்சொல் என்றே எழுதுவேன். ஆனால் போன் திரையில் என்ன பெயரில் வருகிறதோ அந்தப் பெயரில் எச்சரித்தால்தான் எச்சரிக்கை வேலை செய்யும்.

அதே காரணத்தால் ஒரு பெயரைத் தமிழாக்காமல் விட்டோம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே கூப்பிட வேண்டிய எண் 997. அது நேஷனல் ஸ்கேம் ரெஸ்பான்ஸ் சென்டர், 2022-இல் தொடங்கியது. போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள் எல்லாம் சேர்ந்து, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுத்து நிறுத்தப் பார்க்கும் இடம். அவள் அதை நான்கு சொல்லில் அழகாகத் தமிழாக்கியிருந்தாள். ஆனால் மறுமுனையில் எடுப்பவர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். தப்பான இடத்துக்குப் போட்டுவிட்டோமோ என்று பதற்றத்தில் இருப்பவர் வைத்துவிடலாம்.

எண்ணைப் படிக்கும் விதமும் உண்டு. தாளில் 997 என்று இருந்தால், மேடைப் பழக்கத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு என்று வாய் போய்விடும். போனில் அமுக்க வேண்டிய எண்ணை அமுக்கும் விதமாகவே சொல்ல வேண்டும். அவள் தாளில் எழுத்தால் எழுதினோம்: “ஒம்போது. ஒம்போது. ஏழு.” பிறகு ஒரு வரி காலி. அந்தக் காலி வரியில் அவள் சும்மா நிற்க வேண்டும். பிறகு இன்னொரு தடவை. இந்த இடத்தில் சிரிப்பு, உதாரணம், உரையாடல் எதுவும் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். எல்லா வரியும் ஒரே இளக்கத்தில் இருந்தால் முக்கியமான வரி எது என்று தெரியாது. பேச்சு நடையில் அழுத்தம் வருவது நீளமான சொல்லால் அல்ல. வாக்கியம் சட்டென்று குட்டையாவதாலும் அதன் பின்வரும் மௌனத்தாலும் வருகிறது.

தடை சொல்லும் வரிகளிலும் அப்படித்தான். ‘தவிர்க்கப்பட வேண்டும்’ என்பது பார்க்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் இடம் விட்டே பேசுகிறது. முடிந்தால் தவிருங்கள் என்று கேட்கிற மாதிரி. “சொல்லாதீங்க” என்பதற்கு அந்த இடைவெளி இல்லை. “கேக்கவே மாட்டோம்” என்பதில் உள்ள ‘ஏ’ இன்னும் கெட்டி. கண்டிப்புக்குச் செந்தமிழ்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் வீட்டில் அம்மா திட்டியதை மறந்துவிட்டார்கள் போலும்.

ஆனால் இந்தக் கெட்டியான ‘ஏ’ தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. வியாழக்கிழமை இரவு வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டு மாமா. அவள் பேசினாள்: “பேங்க் உங்க விவரம் எதையும் போன்ல கேக்கவே கேக்காது.” மாமா உடனே கை தூக்கினார். “ஏம்மா, கார்டு தொலைஞ்சப்ப நான் உங்க பேங்குக்குப் போன் போட்டேன். ஐ.சி. நம்பர், பொறந்த தேதி எல்லாம் கேட்டாங்களே?”

அவர் சொன்னது சரி. நாம் வங்கியைக் கூப்பிட்டால், பேசுவது நாம்தானா என்று உறுதிசெய்ய அவர்கள் சில விவரம் கேட்பார்கள். வரி எளிமையாக இருந்தது, உறுதியாக இருந்தது, உண்மையாக இல்லை. பழைய தாளில் ‘தனிப்பட்ட வங்கித் தகவல்கள்’ என்று இருந்தபோது இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. பேச்சாக மாற்றியதும் மாமாவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு தாளைப் பேச்சுக்கு மாற்றும்போது நான் மிகவும் பயப்படுவது இந்தக் கட்டத்துக்குத்தான். நீளத்தை வெட்டுகிற கத்தரி, ‘ஆனால்’ என்று வரும் நிபந்தனையையும் சேர்த்து வெட்டிவிடும். மண்டபத்தில் ஒருவர் எழுந்து மாமா கேட்டதைக் கேட்டிருந்தால், அதற்குப் பிறகு அவள் சொல்லும் 997-ஐக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

உட்கார்ந்து திருத்தினோம். நிபந்தனையை வாக்கியத்துக்குள் செருகாமல், தனி வாக்கியமாகப் பக்கத்தில் வைத்தோம்:

“ஓடிபி நம்பரையும் பாஸ்வேர்டையும் நாங்க கேக்கவே மாட்டோம். நாங்க கூப்பிட்டாலும் கேக்க மாட்டோம், நீங்க கூப்பிட்டாலும் கேக்க மாட்டோம். நீங்க எங்களைக் கூப்பிட்டா, ஐ.சி. நம்பர் மாதிரி சில விவரம் கேப்போம். அது நீங்கதானான்னு தெரிஞ்சுக்க. அதனால சந்தேகம் வந்தா, வந்த போனை வச்சிடுங்க. உங்க கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.”

பழைய தாளைவிட இது நீளம். இருக்கட்டும். இப்போதெல்லாம் பல வங்கிகளில் எண் வருவதற்குப் பதிலாக ஆப்பில் ஒப்புதல் கேட்கிறது என்பதால், “நீங்க செய்யாத ஒண்ணுக்கு ஆப்ல அப்ரூவ் கேட்டா, அமுக்காதீங்க” என்ற வரியும் சேர்ந்தது. அதற்கு இடம் வேண்டும் என்று, வரவேற்புரையில் இருந்த ‘முத்தான வணக்கங்களை’ நீக்கினோம். கோயில் தலைவரை மட்டும் முறைப்படி, முழு மரியாதையோடு, எழுத்துத் தமிழிலேயே விளித்தாள். அது சடங்கு. சடங்கு சடங்காகவே இருக்கலாம். அங்கே பேச்சுத்தமிழைக் கொண்டுபோனால்தான் மரியாதைக் குறைவாகத் தெரியும்.

தாளை எப்படி எழுதி வைப்பது என்று இளைஞர்கள் அடிக்கடி கேட்பார்கள். பேச்சுத்தமிழை அப்படியே ஒலிக்கு ஒலி எழுதினால் கண் தடுமாறும். நமக்கு அப்படிப் படித்துப் பழக்கமில்லை. நான் செய்வது இது: பெயர்ச்சொற்களை வழக்கமான எழுத்திலேயே விடுவேன், வினைமுற்றை மட்டும் பேசுகிறபடி எழுதுவேன். ‘வீட்டில்’ என்று தாளில் இருந்தாலும் வாய் ‘வீட்டுல’ என்று சொல்லிக்கொள்ளும். ஆனால் ‘சொல்லுகிறார்கள்’ என்று இருந்தால் வாய் அதற்குக் கட்டுப்பட்டுவிடும். அதன்பின் மூன்று வரிக்குப் பேச்சு திரும்பாது. வினைதான் வாக்கியத்தின் கடிவாளம். ஒரு வரிக்கு ஒரு சேதி, பெரிய எழுத்து, பக்கத்தின் கீழ்ப் பகுதி காலி, அவ்வளவுதான். கீழே எழுத்து இருந்தால் தலை குனியும், குரல் நெஞ்சுக்குள் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். மைக் இரண்டு தடவை கூவியது. சமையல்கட்டிலிருந்து அப்பளம் பொரிக்கும் வாசம். ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிட்டாள். இடையில் ஒரு இடத்தில், பதற்றத்தில், “கேட்டுக்கொள்ளப்” என்று பழைய தாள் நாக்கில் ஏறிவிட்டது. நிறுத்தி, “கேட்டுக்கறேன்” என்றாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். 997 சொல்லிவிட்டு அவள் சும்மா நின்றபோது மண்டபத்தில் சில பேர் கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாட்டி அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு பரிமாற ஆரம்பித்த பிறகு அந்த அம்மா அவளிடம் வந்தார். நான் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன். அவர் தன் கதையைச் சொல்லவில்லை. “ரொம்ப நாள் ஆயிட்டாலும் போலீஸ்ல ரிப்போர்ட் செய்யலாமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் கையில் அப்போது தாள் இல்லை.

“செய்யலாம் ஆண்ட்டி. காசு திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரிப்போர்ட் செய்யலாம். திங்கக்கிழமை நான் லீவு. கூட வர்றேன்.”